பின்பாட்டு இல்லாத மார்கழி

மார்கழி பிறந்துவிட்டால் வாலாஜாபாத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் விடியலுக்கு முன்பே திருப்பாவை கேட்கத் தொடங்கிவிடுகிறது. கோயில் கோபுரத்திலோ வேப்பமரக் கிளையிலோ கட்டிய கூம்பு ஒலிபெருக்கியிலிருந்து அது வருகிறது. இதைச் சுட்டிக்காட்டி, "பஜனை மரபு அழிந்துவிட்டது என்று புலம்புவது வீண். வடிவம் மாறியிருக்கிறது, அவ்வளவே. முன்பு பத்துப் பேர் பாடியது இப்போது பத்துத் தெருவுக்குக் கேட்கிறது" என்று இலக்கிய நண்பர்கள் சிலர் வாதிடுகின்றனர். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த வாதம் அடிப்படையிலேயே பிழையானது என்பது என் தரப்பு. பஜனையில் பாட்டு என்பது வழிபாட்டுக்குத் துணையாக வரும் பொருள் அல்ல. பாடுகிற செயலே அங்கு வழிபாடு. ஆகவே யாரும் பாடாத இடத்தில் எவ்வளவு உரக்கப் பாட்டு ஒலித்தாலும் அங்கே வழிபாடு நடக்கவில்லை. மாறியிருப்பது வடிவம் அன்று, செயல் நின்றுபோயிருக்கிறது.

இதை உணர்ச்சி வேகத்தில் சொல்லவில்லை. பஜனை எவ்வாறு இயங்குகிறது என்பதை அருகில் சென்று பார்த்தால் இந்த முடிவுக்குத்தான் வர முடியும்.

*

தொண்டை மண்டலத்து ஊர்களில் 'பஜனை கோயில் தெரு' என்ற பெயர் சாதாரணம். சென்னை நகருக்குள்ளும் அப்பெயர் கொண்ட தெருக்கள் உண்டு. அத்தெருக்களின் பஜனை கோயில் பெரும்பாலும் ஒற்றை அறைதான். கருவறை, விமானம் போன்ற ஆகம அமைப்பு எதுவும் இருக்க வேண்டியதில்லை. இராமர் பட்டாபிஷேகப் படம் ஒன்று, குத்துவிளக்கு ஒன்று, சுவரில் மாட்டிய மிருதங்கம் அல்லது டோலக், ஒரு ஆர்மோனியப் பெட்டி, சில ஜோடி ஜால்ரா, சப்ளாக்கட்டை. அன்றாட பூசைக்கென அர்ச்சகர் இல்லாமலும் இது நடக்கும். பாட ஆள் இல்லாமல் நடக்காது. பாடுவதற்காகவே கட்டப்பட்ட கோயில் அது. பாடுவோர் இல்லாத பஜனை கோயில் வெறும் அறை.

பஜனையின் நடைமுறை எளிது. ஒருவர் முன்பாட்டாக அடியை எடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் பின்பாட்டாக அதைத் திருப்பிப் பாடுவார்கள். நுட்பம் இருப்பது இந்த இரண்டும் சேரும் இடத்தில்தான். பின்பாட்டுக்காரர்கள் அடியின் கடைசி அசையை இழுத்துக்கொண்டிருக்கும்போதே முன்பாட்டுக்காரர் அடுத்த அடியைத் தொட்டுவிட வேண்டும். அவர் மூச்சு வாங்குகையில் கூட்டத்தின் குரல் பாட்டைத் தாங்கும். கூட்டம் மூச்சு வாங்குகையில் அவர் தாங்குவார். இடைவெளி விழாமல் பாட்டு ஒரே சரடாக நீள்வது இதனால்தான். நாமாவளியானால் முதலில் விளம்பமாகத் தொடங்கி, கூட்டம் சொல்லைப் பிடித்துக்கொண்ட பிறகு துரிதப்படுத்தி, உச்சத்தில் நிறுத்தாமல் மீண்டும் தொடக்க வேகத்துக்கு இறக்கி முடிப்பார்கள். எங்கே துரிதப்படுத்துவது, எங்கே இறக்குவது என்பதே முன்பாட்டுக்காரரின் தேர்ச்சி. அதிக நேரம் துரிதத்திலேயே நிறுத்தினால் சொல் உதிர்ந்துபோய்க் கைதட்டல் மட்டும் மிஞ்சும். சுருதியும் அப்படித்தான். தன் குரல் எட்டுகிற உயரத்தில் சுருதி வைக்கிற முன்பாட்டுக்காரர் கச்சேரி செய்கிறார். கூட்டத்தில் மிகவும் நலிந்த குரலும் எட்டக்கூடிய இடத்தில் வைக்கிறவரே பஜனை செய்கிறார்.

இந்த அமைப்பில் கேட்பவர் என்று ஒருவருக்கு இடம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வாசலில் வந்து நிற்பவர்கூட இரண்டாவது சுற்றில் வாய்க்குள்ளாவது முணுமுணுத்தாக வேண்டும். திருப்பிச் சொல்வதற்காகவே அடி பாதியாக முறித்துத் தரப்படுகிறது. அழகாகப் பாட வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. வாய் திறக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

காவிரிக் கரையில் போதேந்திரர், ஸ்ரீதர ஐயாவாள், மருதாநல்லூர் சத்குரு சுவாமிகள் ஆகியோர் வழியில் உருவான நாமசங்கீர்த்தன பத்ததிக்கும் இதுவே அடிப்படை. தியாகராசரின் திவ்யநாமக் கீர்த்தனைகளை எடுத்துக்கொள்வோம். அவற்றின் சரணங்கள் பல. எல்லாச் சரணங்களுக்கும் மெட்டு ஒன்றுதான். கச்சேரி மேடையில் இரண்டொரு சரணத்தோடு முடித்துக்கொள்கிறார்கள். கேட்கிறவருக்கு ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வந்தால் சலிப்புத் தட்டும் என்பதே காரணம். பாடுகிறவர்க்கோ முதல் சரணம் மெட்டைக் கற்றுக்கொடுக்கிறது, இரண்டாவது அதைப் பழக்குகிறது, மூன்றாவது சரணத்திலிருந்து மெட்டை மறந்து பொருளுக்குள் செல்ல முடிகிறது. பெரிய கீர்த்தனைகளில் சங்கதிகளைக் குவித்த அதே வாக்கேயக்காரர் இங்கே வேண்டுமென்றே எளிமையை வைத்திருக்கிறார். கேட்பவரின் சலிப்பு எதுவோ அதுவே பாடுபவரின் வாசல்.

*

இனித் திருப்பாவைக்கு வருவோம். ஒலிபெருக்கியை ஆதரிக்கும் நண்பர்கள் இலக்கியம் அறிந்தவர்கள் என்பதால் நூலை வைத்தே பேசலாம்.

முப்பது பாசுரங்களும் ஒரே யாப்பில் அமைந்தவை. ஒவ்வொன்றும் எட்டடி; முப்பதுக்கும் முடிப்புச் சொல் ஒன்றே. ஒரு மெட்டுத் தெரிந்தால் முப்பதையும் பாடிவிடலாம். எட்டாவது அடியின் முடிவு எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்திருப்பதால், எழுத்தறியாதவரும் குழந்தையும் அங்கே வந்து சேர்ந்துகொள்ள முடியும். கூட்டுப் பாடலுக்கான கட்டுமானம் யாப்பிலேயே இருக்கிறது. அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் பாசுரங்களுக்கு வெவ்வேறு இராகங்களில் மெட்டமைத்தார். எம்.எல்.வசந்தகுமாரியின் குரலில் அவை பரவின. அந்த இசையின் உயர்வைப் பற்றி எனக்கு எந்த ஐயமும் இல்லை. ஆனால் அது கேட்பதற்கான திருப்பாவை. அதையே நாள்தோறும் கேட்டுப் பழகிய ஊர், தன்னிடமிருந்த ஒற்றை மெட்டைப் பற்றிக் கூச்சப்படத் தொடங்குகிறது. "நமக்கு அப்படிப் பாட வருமா?" என்ற கேள்வி எழுந்த இடத்தில் பின்பாட்டு மெலிகிறது.

இரண்டாவது செய்தி இன்னும் முக்கியமானது. ஆறாம் பாசுரம் முதல் பதினைந்தாம் பாசுரம் வரை பத்துப் பாசுரங்கள் தோழியரைத் துயிலெழுப்புபவை. முன்பே எழுந்த பெண்கள் ஒவ்வொரு வீட்டு வாசலாக நின்று உள்ளே உறங்குபவளை அழைக்கிறார்கள். கெஞ்சல் இருக்கிறது, கேலி இருக்கிறது, பொய்க்கோபம் இருக்கிறது. பதினைந்தாம் பாசுரத்தில் உள்ளிருப்பவள் பதில் பேசுகிறாள். வெளியே நிற்பவர்கள் அதற்கு மறுபதில் சொல்கிறார்கள். இறுதியில் அவளும் கூட்டத்தில் சேர்கிறாள். திருவெம்பாவையின் முதற்பகுதியும் இத்தகைய வாசல் உரையாடல்தான். ஆக, இப்பாடல்கள் தெருவையும் வாசலையும் மூடிய கதவையும் உறங்கும் ஒருத்தியையும் வேண்டி நிற்கின்றன. விடியலில் லாந்தரோடு தெருவில் இறங்கி வீட்டுக்கு வீடு நின்று பாடிய பஜனைக் கூட்டம், அறிந்தோ அறியாமலோ நூல் சொன்னதைச் செய்துகொண்டிருந்தது. பாட்டில் உள்ள செயலும் பாடுகிறவர்கள் செய்த செயலும் ஒன்றாக இருந்தன.

ஒலிபெருக்கியும் எழுப்புகிறது என்று வாதிடலாம். எழுப்புகிறதுதான். ஆனால் அது எந்த வாசலிலும் நிற்பதில்லை, யாருடைய பதிலுக்கும் காத்திருப்பதில்லை, எழுந்தவளைச் சேர்த்துக்கொள்ள அதனிடம் கூட்டமும் இல்லை. பதினைந்தாம் பாசுரம் பதிவாக ஓடுகையில் உரையாடலின் இருபுறமும் ஒரே குரல் பேசுகிறது. எழுந்துவந்து கதவைத் திறக்கும் பெண்ணுக்கு எதிரே இருப்பது காலித்தெரு.

இதே வட்டாரத்துக்கு உரியவரான இராமானுசரைப் பற்றி வைணவ மரபு சொல்லும் ஒரு வரலாறு இங்கே பொருத்தமானது. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த அவருக்குத் 'திருப்பாவை ஜீயர்' என்றொரு பெயர் உண்டு. திருவரங்கத்தில் மாதுகரம் எடுக்கும்போது திருப்பாவையைப் பாடியபடியே வீதியில் செல்வது அவர் வழக்கம். பதினெட்டாம் பாசுரத்தைப் பாடிக்கொண்டு அவர் பெரிய நம்பி வீட்டு வாசலில் நின்றபோது, நம்பியின் மகள் அத்துழாய் வளையல் ஒலிக்கக் கதவைத் திறந்தாள் என்றும், பாசுரத்தின் நப்பின்னையே எதிரில் வந்ததாக உணர்ந்து அவர் மயங்கி விழுந்தார் என்றும் சொல்வர். இது வரலாற்று உண்மையா என்பது நம் கேள்வி அன்று. மரபு எதை நினைவில் வைத்திருக்கத் தேர்ந்தெடுத்தது என்பதைப் பாருங்கள். பாடுகிற வாய், நடக்கிற கால், திறக்கிற கதவு. இந்த மூன்றும் கூடிய இடத்தில்தான் பாசுரம் நிகழ்ந்தது.

*

சரி, பின்பாட்டு எப்படிப் போயிற்று? கேசட் வந்து பஜனையைக் கொன்றது என்று பொதுவாகச் சொல்வார்கள். அதற்கு முன்பே ஒரு படி இருக்கிறது. முதலில் வந்தது ஒலிவாங்கி. "நாலு தெருவுக்குக் கேட்கட்டும்" என்ற நல்லெண்ணத்தில் முன்பாட்டுக்காரர் முன்னால் ஒன்றை வைத்தார்கள். பின்பாட்டுக்காரர்களுக்கு வைக்கவில்லை, பத்துப் பேருக்கு எப்படி வைப்பது? அன்று முதல் ஒரு குரல் ஊர் முழுக்கக் கேட்டது, பத்துக் குரல் அறைக்குள் அடங்கியது. தெருவில் நிற்பவருக்கு ஒரு அடி கேட்கும், பிறகு ஓர் இடைவெளி, பிறகு அடுத்த அடி. அந்த இடைவெளியில்தான் பஜனை நடந்துகொண்டிருந்தது என்பது அவருக்குத் தெரியாது. இடைவெளி அசிங்கமாக இருக்கிறதே என்று முன்பாட்டுக்காரரே பின்பாட்டையும் சேர்த்துப் பாடத் தொடங்கினார்.

இன்னொரு சிக்கல் இயற்பியல் சார்ந்தது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. நூறு மீட்டர் தள்ளிக் கட்டிய கூம்பிலிருந்து திரும்பி வரும் குரல், பாடியவரின் காதுக்கு மூன்றில் ஒரு பங்கு நொடிக்குச் சற்றுக் குறைவான தாமதத்தில் வந்து சேரும். விளம்பத்தில் இது பொருட்டில்லை. துரிதத்தில் இது ஏறக்குறைய அரைத் தட்டு. ஜால்ரா தட்டுபவர் எதிரில் இருப்பவரின் வாயைப் பின்பற்றுவதா, கூம்பிலிருந்து வரும் குரலைப் பின்பற்றுவதா என்று தடுமாறுவார். தாளம் சிதறும். "பசங்களுக்குத் தாளமே நிற்கவில்லை" என்று பெரியவர்கள் கடிந்துகொள்வார்கள். பசங்கள் வருவதை நிறுத்துவார்கள். கேசட்டும் பின்னர் பென்டிரைவும் வந்தபோது அகற்றுவதற்கு ஒரே ஒரு பாடகர்தான் மீதமிருந்தார்.

எனவே ஒரு பஜனை உயிரோடு இருக்கிறதா என்றறிய நான் வைக்கும் சோதனை இது: முன்பாட்டுக்காரர் மூச்சு வாங்கும் இடத்தில் பாட்டு நிற்கிறதா, தொடர்கிறதா? நின்றால் அது கச்சேரி. அந்தக் கூட்டத்துக்கும் பதிவு ஒலிக்கும் தெருவுக்கும் இடையே இருப்பது காலத்தின் இடைவெளி மட்டுமே.

*

எதிர்த்தரப்பின் வலுவான வாதங்கள் மூன்று. அவற்றைத் தவிர்த்துவிட்டுப் போவது நேர்மையாகாது.

முதலாவது, கேட்பதும் பக்திதானே என்பது. பாகவதத்தின் ஏழாம் ஸ்கந்தத்தில் பிரகலாதன் சொல்லும் ஒன்பது வகைப் பக்தியில் சிரவணம் முதலாவது, கீர்த்தனம் இரண்டாவது. உண்மை. ஆனால் அவை தனித்தனியாக எண்ணப்பட்டிருக்கின்றன. ஒன்று இருந்தால் மற்றதும் ஆயிற்று என்று பட்டியல் சொல்லவில்லை. மேலும் சிரவணம் என்பது செவியை ஒப்புக்கொடுத்து அமர்ந்திருக்கும் செயல். பல் துலக்கும்போதும் பால் வாங்கும்போதும் காதில் விழுவதைச் சிரவணம் என்பது அச்சொல்லுக்குச் செய்யும் அநீதி.

இரண்டாவது வாதம் ஆள் இல்லை என்பது. வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் ஒரகடத்தைச் சுற்றித் தொழிற்சாலைகள் பெருகிய இந்த இருபது ஆண்டுகளில், பஜனைக்கு வரக்கூடிய வயதில் இருப்பவர்கள் ஷிப்டுக்குப் போகிறவர்களாகிவிட்டனர். பஜனை நேரமும் கம்பெனிப் பேருந்து வரும் நேரமும் ஒன்று. இரவு ஷிப்டு முடித்தவன் தூங்க வேண்டும். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஷிப்டு முறையைக் கீர்த்தன மரபு தொழிற்சாலையிடமிருந்து கற்க வேண்டியதில்லை. ஒடிசாவிலும் வங்காளத்திலும் அஷ்டப் பிரகரம் என்றொரு வழக்கம் உண்டு. பிரகரம் என்பது மூன்று மணி நேரம்; எட்டுப் பிரகரம் ஒரு முழு நாள். அந்த இருபத்துநான்கு மணி நேரமும் நாமம் அறுபடாமல் பாடப்பட வேண்டும். ஒரு குழு களைத்தால் அடுத்த குழு அதே தாளத்தில் நுழைந்து, இருவரும் சில சுற்றுகள் சேர்ந்து பாடிய பிறகே முந்தைய குழு விலகும். ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்கு அந்த மாநிலங்களிலிருந்து வேலைக்கு வந்திருப்பவர்களிடம் கேட்டால் இதைச் சொல்வார்கள். நம்முடைய அகண்ட நாமமும் இதே ஏற்பாடுதான். மார்கழிக்கு இவ்வளவு தேவையும் இல்லை. முன்பாட்டுக்கு ஒருவர், தாளத்துக்கு ஒருவர், பின்பாட்டுக்கு நால்வர். ஆறு பேர் போதும். ஷிப்டு மாறுகிற வாரத்துக்கு ஏற்ப இரண்டு முறை வைத்துக்கொண்டால் பன்னிரண்டு பேர். ஓர் ஊரில் பன்னிரண்டு பேர் இல்லை என்பதை நான் நம்ப மாட்டேன். கேட்க ஆள் போகவில்லை என்பதே உண்மை. பொத்தானை அழுத்துவது எளிதாக இருக்கிறது.

மூன்றாவது வாதமே என்னை உண்மையில் தடுத்து நிறுத்துவது. "உங்கள் பஜனைக் கூட்டம் எந்தத் தெருவுக்குள் போயிற்று? ஊர்த்தெருவைச் சுற்றிவிட்டுத் திரும்பியது. சேரிக்குள் அது நுழையவில்லை. ஒலிபெருக்கிக்கு அந்தக் கோடு தெரியாது. எல்லாத் தெருவுக்கும் போகிறது" என்று கேட்கிறார்கள். பெரும்பாலான ஊர்களைப் பொறுத்தவரை இந்தக் குற்றச்சாட்டு சரியானது. இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம்: பெண்கள் பெண்களை எழுப்புவதாக ஒரு பெண் பாடிய நூலை, தெருவில் பாடியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பழைய பஜனையை அப்படியே மீட்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

ஆனால் ஒலிபெருக்கி அந்தக் கோட்டை அழித்துவிட்டதா? ஒலி கோட்டைத் தாண்டுகிறது, ஆள் தாண்டவில்லை. ஊர்க் கோயிலின் குரல் காலனிக்குள் கேட்கிறது. காலனியின் குரல் ஊருக்குள் கேட்கிறதா? அங்கேயும் பஜனை கோயில்கள் உண்டு, பாடுகிறவர்கள் உண்டு. சேர்ந்து பாடுவதென்றால் ஒருவர் வாசலில் மற்றவர் நிற்க வேண்டும், ஒருவர் எடுத்துக் கொடுத்த அடியை மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும். யார் முன்பாட்டு, யார் பின்பாட்டு என்ற கேள்வி அங்கே வந்தே தீரும். வர வேண்டும். அந்தக் கேள்வியை எழுப்பாமலே எல்லோருக்கும் பாட்டு வழங்கிவிட்டதாகத் திருப்தி கொள்ள ஒலிபெருக்கி உதவுகிறது. பழைய பஜனை கோட்டை வெளிப்படையாக வைத்திருந்தது. புதியது அதே கோட்டைக் காதுக்கு எட்டாமல் வைத்திருக்கிறது.

*

சட்டத்தையும் சொல்லிவிடலாம். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. சில திருவிழா நாட்களுக்கு மாநில அரசு தரக்கூடிய தளர்வும் நள்ளிரவு 12 மணி வரைதான், விடியற்காலைக்கு இல்லை. ஆக, மார்கழியில் ஐந்து மணிக்கு ஒலிக்கும் ஒவ்வொரு கூம்பும் விதிமீறல். அதே 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில், சென்னையில் ஒரு தேவாலயத்தின் ஒலிபெருக்கி தொடர்பாக எழுந்த வழக்கில், பிறர் அமைதியைக் கெடுத்து ஒலிபெருக்கியின் வழியே வழிபட வேண்டும் என்று எந்த மதமும் விதிக்கவில்லை என உச்ச நீதிமன்றம் கூறிற்று. இது எல்லா மதத்துக்கும் பொருந்தும். இந்தத் தீர்ப்பை மதத்தின் மீதான தாக்குதல் என்று சிலர் எடுத்துக்கொண்டார்கள். எனக்கோ, பாகவதர்கள் தாமே சொல்லியிருக்க வேண்டியதை நீதிமன்றம் சொல்ல நேர்ந்தது என்றே தோன்றுகிறது.

எனவே நண்பர்களிடம் நான் கேட்பது, மரபைப் போற்றுங்கள் என்பதை அன்று. இந்த மார்கழியில் உங்கள் ஊர்க் கூம்பின் கம்பியைப் பிடுங்கச் சொல்லுங்கள். அறைக்குள் இருக்கும் ஒலிவாங்கியையும் சேர்த்து. ஆறு பேரைத் தேடுங்கள். அதில் மூவர் பெண்களாகவும், ஒருவராவது இதுவரை கூட்டம் போகாத தெருவைச் சேர்ந்தவராகவும் இருக்கட்டும். ஒரே மெட்டு போதும். துயிலெழுப்பும் பத்துப் பாசுரங்களைப் பத்து நாளும் வாசல்களில் நின்று பாடுங்கள். சுருதி பிசகும், அடி மறக்கும், இரண்டு வீட்டில் கதவு திறக்காது, ஒரு வீட்டில் வசவு விழும். விழட்டும். அந்த வசவு ஒரு மனிதக் குரலுக்கு ஒரு மனிதக் குரல் சொல்லும் பதில். கூம்பு ஒலிபெருக்கிக்கு இத்தனை ஆண்டுகளில் அதுகூடக் கிடைத்ததில்லை.